மெனிஸ்கஸில் தெரியும் வெள்ளைக் கோடு கிழிசலா, இல்லையா? முட்டி எம்ஆர்ஐ படிக்கப் பழகுபவர்களுக்கு

முட்டி எம்ஆர்ஐ பார்க்கத் தொடங்கிய முதல் மாதத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், இங்கே வெள்ளையா ஒரு கோடு தெரியுதே, இது கிழிசலா?" உடனே ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முடியாது. அந்தப் படம் எந்த சீக்வென்ஸில் எடுத்தது, அதில் கொழுப்பை அணைத்திருக்கிறார்களா, அதே இடம் பக்கத்து ஸ்லைஸிலும் மற்ற சீக்வென்ஸிலும் எப்படித் தெரிகிறது என்று மூன்று விஷயம் தெரிந்தால்தான் அந்த வெள்ளைக்கு ஒரு அர்த்தம் கிடைக்கும். சிடி ஸ்கேனில் எலும்பு எப்போதும் வெள்ளை, காற்று எப்போதும் கருப்பு. எம்ஆர்ஐயில் அப்படி நிலையான நிறம் கிடையாது. ஒரே முட்டியின் ஒரே நீர், ஒரு படத்தில் கருப்பாகவும் அடுத்த படத்தில் பளிச்சென்ற வெள்ளையாகவும் இருக்கும்.

ஆகவே மெனிஸ்கஸுக்குப் போகும் முன் படத்தையே அடையாளம் காணப் பழக வேண்டும்.

கொழுப்பையும் நீரையும் வைத்து சீக்வென்ஸைப் பிடிப்பது

திரையின் ஓரத்தில் `TR`, `TE` என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் மில்லிசெகண்டில். TR என்பது ஒரு ரேடியோ துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே விடும் நேரம். TE என்பது துடிப்பு கொடுத்த பிறகு சிக்னலைப் பிடிக்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பது. இரண்டும் குட்டையாக இருந்தால், அதாவது TR 800க்குக் கீழே, TE 20க்குக் கீழே என்றால், அது டி1. இரண்டும் நீளமாக, TR 2000க்கு மேலே, TE 70, 80 என்று இருந்தால் டி2. TR நீளமாகவும் TE 20 முதல் 40 வரையும் இருந்தால் அது புரோட்டான் டென்சிட்டி, சுருக்கமாக பிடி. முட்டிக்கு அதிகம் உழைப்பது இந்த பிடிதான். பெரும்பாலும் கொழுப்பை அணைத்து, `PD FS` என்ற பெயரில் சஜிட்டல், கொரோனல், ஆக்சியல் மூன்று தளங்களிலும் எடுப்பார்கள். கூடவே ஒரு டி1, சில இடங்களில் ஒரு சஜிட்டல் டி2.

எண்களை நம்பி மட்டும் இருக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் ஃபிலிமில் எழுத்து தெளிவாக இருக்காது. எண் தெரியாவிட்டாலும் படமே சொல்லிவிடும். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைப் பாருங்கள். அப்புறம் முட்டிச் சில்லுக்கு மேலே, தொடைத் தசையின் அடியில் இருக்கும் பையில் கொஞ்சமாவது நீர் இருக்கும், அதைப் பாருங்கள். கொழுப்பு வெள்ளை, நீர் கருப்பு என்றால் டி1. கொழுப்பு கருப்பு, நீர் வெள்ளை என்றால் கொழுப்பை அணைத்த படம். இரண்டுமே வெளிச்சமாக இருந்தால் கொழுப்பை அணைக்காத பிடி அல்லது டி2. இந்த இரண்டையும் பிரிக்க நீரின் வெளிச்சம் உதவும். டி2வில் நீர்தான் படத்திலேயே அதிக வெளிச்சம், தசை நன்றாகக் கருத்திருக்கும். பிடியில் நீருக்கும் கொழுப்புக்கும் அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

கொழுப்பு டி1இல் வெளிச்சமாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். டி2விலும் அது வெளிச்சமாக இருப்பதுதான் புதியவர்களைக் குழப்பும். இன்று நாம் எடுப்பது வேகமான ஸ்பின் எக்கோ. அதில் அடுத்தடுத்து நெருக்கமாகக் கொடுக்கும் 180 டிகிரி துடிப்புகள் கொழுப்பின் சிக்னலைச் சீக்கிரம் மங்க விடுவதில்லை. விளைவு, எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருந்தாலும் சுற்றியிருக்கும் மஜ்ஜைக் கொழுப்பும் வெள்ளை, நீரும் வெள்ளை. அடி பட்ட இடமே தெரியாமல் போகும். கொழுப்பை அணைப்பது இதற்காகத்தான். அணைத்ததும் சாதாரண மஜ்ஜை கருத்துப்போய், நீர் கோத்த இடம் மட்டும் வெள்ளையாக எழுந்து நிற்கும்.

அணைப்பது எப்படி என்று தெரிந்திருந்தால் அது எங்கே ஏமாற்றும் என்பதும் தெரியும். கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜனும் நீரில் இருக்கும் ஹைட்ரஜனும் சற்றே வேறு அலைவரிசையில் சுழல்கின்றன. 1.5 டெஸ்லாவில் அந்த வித்தியாசம் சுமார் 220 ஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் அதன் இரண்டு மடங்கு. கொழுப்பின் அலைவரிசைக்கு மட்டும் ஒரு துடிப்பு கொடுத்து அதை முடக்குவதுதான் ஃபேட் சாட். காந்தப்புலம் எல்லா இடத்திலும் சீராக இருந்தால் இது சுத்தமாக வேலை செய்யும். முட்டியின் உருண்டை வளைவில், முட்டிச் சில்லின் முன்பக்கத்தில், காயிலின் ஓரத்தில் புலம் கொஞ்சம் பிசகும். பழைய அறுவையில் வைத்த திருகு இருந்தால் கேட்கவே வேண்டாம். அங்கெல்லாம் கொழுப்பு அணையாமல் வெள்ளையாக நிற்கும், மஜ்ஜையில் அடி பட்டது போலவே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அந்த வெள்ளை எலும்பின் எல்லைக்குள் நிற்கிறதா, அல்லது எலும்பைத் தாண்டி தோலடிக் கொழுப்பிலும் தொடர்கிறதா என்று பாருங்கள். அடிபட்ட மஜ்ஜை எலும்புக்கு உள்ளேயே நிற்கும். அணையாத கொழுப்புக்கு எலும்பின் எல்லை ஒரு பொருட்டே இல்லை. இரண்டு, அதே இடத்தை டி1இல் பாருங்கள். உண்மையிலேயே நீர் கோத்திருந்தால் டி1இல் அங்கே கொழுப்பின் வெளிச்சம் குறைந்து சாம்பலாகும். அணைப்பு தவறியதுதான் காரணம் என்றால் டி1இல் மஜ்ஜை சாதாரணமாக வெளிச்சமாகவே இருக்கும். "டி1 எதற்கு, நேரம்தானே வீண்?" என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். உலோகம் உள்ள முட்டியில் அலைவரிசையை நம்பாத ஸ்டிர் சீக்வென்ஸ் கைகொடுக்கும். அது கொழுப்பின் டி1 நேரத்தை வைத்து அணைக்கிறது. புலம் பிசகினாலும் அணைப்பு சீராக இருக்கும், படம் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பாக வரும்.

டி1இல் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபீமரின் கீழ்ப்பகுதியில், வளர்ச்சித் தட்டு இருந்த இடத்துக்கு மேலே, பெண்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் புகை பிடிப்பவர்களுக்கும் சிவப்பு மஜ்ஜை திட்டுத்திட்டாகத் தெரியலாம். ஃபேட் சாட்டில் அது லேசாக வெளுத்திருக்கும். டி1இல் அது பக்கத்துத் தசையை விட வெளிச்சமாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. தசை அளவுக்கோ அதைவிடவோ கருத்திருந்தால், கொழுப்பின் இடத்தை வேறு ஏதோ பிடித்துக்கொண்டது என்று பொருள். அப்போது சீனியரைக் கூப்பிடுங்கள்.

குருத்தெலும்பு: சாம்பல் நிறம்

கொழுப்பை அணைத்த பிடியில் மூட்டுப் பரப்பைப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். மேலே நீர் வெள்ளையாக, நடுவில் குருத்தெலும்பு சாம்பலாக, கீழே எலும்பின் ஓடு கருப்பாக. பிடி ஃபேட் சாட் முட்டிக்கு இவ்வளவு பொருத்தமாக இருப்பது இந்த மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து தெரிவதால்தான். டி1இல் நீரும் குருத்தெலும்பும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நீண்ட TE உள்ள டி2வில் நீர் பளிச்சென்று இருக்கும், ஆனால் குருத்தெலும்பு கருத்துப்போய் எலும்பு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். மேற்பரப்பு நன்றாகத் தெரியும், உள்ளே என்ன என்பது தெரியாது.

குருத்தெலும்பின் ஆழத்தில் உள்ள அடுக்கு எப்போதுமே கொஞ்சம் கருப்பாக இருக்கும். அங்கே கொலாஜன் இழைகள் எலும்புக்குச் செங்குத்தாக நெருக்கமாக நிற்கின்றன, சிக்னல் சீக்கிரம் மங்கிவிடுகிறது. அந்தக் கருப்பை எலும்பு என்று எண்ணி, மேலே தெரியும் சாம்பலை மட்டும் அளந்தால் குருத்தெலும்பு மெலிந்துவிட்டதாகத் தோன்றும். ஓட்டிலிருந்து மேற்பரப்பு வரை முழுசாகப் பாருங்கள்.

தளத்தைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். வளைந்த பரப்பை ஸ்லைஸ் செங்குத்தாக வெட்டினால்தான் தடிமன் சரியாகத் தெரியும். சாய்வாக வெட்டினால் 3 மில்லிமீட்டர் ஸ்லைஸுக்குள் குருத்தெலும்பும் நீரும் கலந்து, இல்லாத தேய்மானத்தைக் காட்டும். முட்டிச் சில்லின் குருத்தெலும்பு உடலிலேயே தடிமனானது, 5 மில்லிமீட்டருக்கு மேல்கூட இருக்கும். அதை ஆக்சியலில் பாருங்கள். எடை தாங்கும் பரப்புகளை கொரோனலிலும் சஜிட்டலிலும் பாருங்கள். குருத்தெலும்புக்குக் கீழே எலும்பில் ஒரு சின்ன வெள்ளைத் திட்டு தெரிந்தால் அப்படியே கடந்து போகாதீர்கள். நேர் மேலே குருத்தெலும்பில் ஒரு பிளவோ பள்ளமோ இருக்க வாய்ப்பு அதிகம், முதல் பார்வையில் கண்ணுக்குப் படாமல் போயிருக்கும்.

பாதித் தடிமனுக்குள் நிற்கும் குறை, பாதியைத் தாண்டிய குறை, எலும்பு வெளியே தெரியும் குறை என்று பிரித்து எழுதினால் போதும். அதோடு அகலத்தை மில்லிமீட்டரில் கொடுத்துவிட்டால் அறுவை மருத்துவருக்குத் தேவையானது கிடைத்துவிடும்.

மெனிஸ்கஸ் ஏன் கருப்பு

நோயாளிகள் பொதுவாக ஜவ்வு என்று சொல்லும் மெனிஸ்கஸ், இழைக் குருத்தெலும்பால் ஆனது. அதிலும் நீர் இருக்கிறது, ஆனால் கொலாஜன் இழைகளோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் அதன் சிக்னல் மிக வேகமாக மறைந்துவிடுகிறது. நாம் பிடிக்கக் காத்திருக்கும் நேரத்துக்குள் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எனவே ஆரோக்கியமான மெனிஸ்கஸ் எல்லா சீக்வென்ஸிலும் கருப்பு.

இதிலிருந்தே ஒரு முக்கியமான முடிவு வருகிறது. மெனிஸ்கஸுக்குள் ஏற்படும் சின்ன மாற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் சிக்னல் மறையும் முன்பே பிடிக்க வேண்டும், அதாவது குட்டை TE வேண்டும். மெனிஸ்கஸைத் தேட பிடி ஏற்றது இதனால்தான். நீண்ட TE உள்ள டி2வில் பல கிழிசல்கள் தெரியாமலே போகும், உள்ளே நீர் புகுந்த கிழிசல் மட்டும் பளிச்சென்று நிற்கும். டி2 பல கிழிசல்களைத் தவறவிடும், ஆனால் அது நீர் போல வெள்ளையாகக் காட்டினால் பெரும்பாலும் கிழிசல்தான். பிடி நிறையப் பிடிக்கும், சிலவற்றைத் தேவையில்லாமலும் பிடிக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துப் படிப்பதுதான் முறை.

வடிவத்தைப் பற்றி இரண்டு வரி. சஜிட்டலில் ஓரத்திலிருந்து உள்ளே போனால், முதல் இரண்டு மூன்று ஸ்லைஸில் மெனிஸ்கஸின் நடு உடல் போ டை வடிவத்தில் ஒரே துண்டாகத் தெரியும். அப்புறம் அது இரண்டு கருப்பு முக்கோணங்களாகப் பிரியும், ஒன்று முன்கொம்பு, மற்றொன்று பின்கொம்பு. வெளிப்பக்க மெனிஸ்கஸில் இரண்டு கொம்பும் ஏறக்குறைய ஒரே அளவு. உட்பக்கத்தில் பின்கொம்பு முன்கொம்பை விடத் தெளிவாகப் பெரியது. உட்பக்கப் பின்கொம்பு சிறுத்துத் தெரிந்தால், காணாமல் போன துண்டு எங்கே என்று மூட்டின் நடுப்பள்ளத்தில் தேடுங்கள். பக்கெட் ஹேண்டில் கிழிசலில் அந்தத் துண்டு புரண்டு பிசிஎல்லுக்கு முன்னால் இன்னொரு பிசிஎல் போல வளைந்து கிடக்கும்.

சரி, உள்ளே ஒரு வெளிச்சம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மேற்பரப்பையோ கீழ்ப்பரப்பையோ தொடுகிறதா என்பதுதான் கேள்வி. உருண்டையாக உள்ளேயே நின்றால் கிரேட் 1, கோடாக இருந்தும் பரப்பைத் தொடாமல் நின்றால் கிரேட் 2, பரப்பைத் தொட்டால் கிரேட் 3. கிழிசல் என்று சொல்லத் தகுந்தது மூன்றாவது மட்டுமே. அதுவும் இரண்டு ஸ்லைஸிலாவது பரப்பைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் வடிவமே கெட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு ஸ்லைஸில் தொட்டது போலத் தெரிந்தால் "கிழிசலாக இருக்கலாம்" என்று மட்டும் எழுதுவது நியாயம். குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் பின்கொம்பின் உள்ளே ரத்த நாளங்கள் அதிகம், அவர்களுக்கு கிரேட் 2 போன்ற வெளிச்சம் இயல்பே. வயதானவர்களுக்கு உள்ளே நடக்கும் சிதைவால் அது வரும்.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. "கிரேட் 2 டேர்" என்று எழுதப்பட்ட அறிக்கைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. படிக்கும் நோயாளிக்கு 'டேர்' என்ற சொல் மட்டும்தான் கண்ணில் படும், அதற்கு முன்னால் இருக்கும் எண் படாது. கிரேட் 1, 2 என்று எழுதவே வேண்டாம். "உள்ளே சிக்னல் மாற்றம் உண்டு, பரப்பைத் தொடவில்லை, கிழிசல் இல்லை" என்று முழுசாக எழுதிவிடுங்கள்.

இரண்டு கோடுகள் உள்ள ஒரு முட்டி

விளக்கத்துக்காக ஒரு முட்டியை நாமே அமைத்துக்கொள்வோம். 24 வயது கபடி வீரர். ரெய்டு போய்த் திரும்பும்போது வலது கால் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு திரும்பியது. 'டப்' என்று சத்தம் கேட்டது என்கிறார். இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிட்டது. பத்தாவது நாள் 1.5 டெஸ்லாவில் ஸ்கேன். சஜிட்டலில் TE 30 உள்ள பிடி ஃபேட் சாட், TE 80 உள்ள டி2, கொரோனலில் பிடி ஃபேட் சாட், டி1, ஆக்சியலில் பிடி ஃபேட் சாட். ஸ்லைஸ் தடிமன் 3 மில்லிமீட்டர்.

மெனிஸ்கஸுக்கு உடனே போகாதீர்கள். முதலில் நீர். முட்டிச் சில்லுக்கு மேலுள்ள பை நிறைய நீர். சில மணி நேரத்தில் வீங்கியது என்பதால் அது ரத்தமாக இருக்கலாம். நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். மூட்டுக்குள் எலும்பு முறிந்து மஜ்ஜைக் கொழுப்பு கசிந்திருந்தால் அது லேசானது, மிதந்து முன்பக்கம் வந்து நிற்கும். டி1இல் அந்த அடுக்கு வெள்ளையாகவும், ஃபேட் சாட்டில் அதே அடுக்கு கருப்பாகவும், கீழே நேர்கோடான ஒரு மட்டத்தோடு தெரியும். நம் வீரருக்கு அப்படி ஒரு அடுக்கு இல்லை.

அடுத்து மஜ்ஜை. ஃபேட் சாட்டில் இரண்டு வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன: ஒன்று வெளிப்பக்க ஃபீமர் முண்டின் நடுவில், மற்றொன்று டிபியாவின் வெளிப்பக்கப் பின்விளிம்பில். அணைப்பு தவறியது இல்லை, காரணம் இரண்டும் எலும்புக்குள்ளேயே நிற்கின்றன, டி1இல் அதே இடங்கள் சாம்பலாக மங்கியிருக்கின்றன. டி1இல் கருப்பு முறிவுக் கோடு எதுவும் இல்லை. நின்றபடி பார்த்தால் இந்த இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று எதிரே இல்லை. டிபியா முன்னால் நழுவினால்தான் இரண்டும் மோதும். அப்படி நழுவ வேண்டுமானால் ஏசிஎல் அறுந்திருக்க வேண்டும். சஜிட்டலின் நடு ஸ்லைஸ்களில் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. பள்ளத்தின் கூரைக்கு இணையாக விறைப்பாக ஓட வேண்டிய இழைகள் இல்லை, அந்த இடத்தில் வெளுத்த, ஒழுங்கற்ற ஒரு திரள் இருக்கிறது.

ஏசிஎல் அறுந்த முட்டி என்று தெரிந்ததும் மெனிஸ்கஸில் தேட வேண்டிய இடங்கள் குறைந்துவிடுகின்றன: உட்பக்கப் பின்கொம்பின் ஓரம், வெளிப்பக்கப் பின்கொம்பு. நம் வீரருக்கு இரண்டு இடத்திலும் வெளிச்சம் இருக்கிறது.

முதல் கோடு உட்பக்கம். சஜிட்டல் பிடியில் பின்கொம்பின் பின்னோரத்துக்கு அருகில் ஒரு செங்குத்தான வெள்ளைக் கோடு, மேற்பரப்பிலிருந்து கீழ்ப்பரப்பு வரை போகிறது. அடுத்தடுத்த மூன்று ஸ்லைஸில் அதே இடத்தில் தெரிகிறது. விளிம்பு கூர்மையாக இருக்கிறது. TE 80 உள்ள டி2வில் அதே கோடு, மேலுள்ள பையின் நீரைப் போலவே வெள்ளை. கொரோனலிலும் அதே இடத்தில் இருக்கிறது. குட்டை TEயிலும் நீண்ட TEயிலும், இரண்டு தளங்களிலும், பல ஸ்லைஸிலும் தெரிவதால் இது கிழிசல்தான். ஒரு எச்சரிக்கை: மெனிஸ்கஸும் மூட்டு உறையும் சேரும் இடத்தில் இயல்பாகவே ஒரு சின்ன மடிப்பு உண்டு, அதில் நீர் தேங்கினால் இதே போலத் தெரியும். அப்போது மெனிஸ்கஸின் பின்விளிம்பு வழவழப்பாக, முழுமையாக இருக்கும். நம் வீரருக்கு விளிம்பு பிசிறடித்திருக்கிறது, கோட்டுக்குப் பின்னாலும் மெனிஸ்கஸின் ஒரு மெல்லிய கருப்புத் துணுக்கு மிஞ்சியிருக்கிறது.

இந்த இடத்தைத் தெளிவாக எழுதுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. வழக்கமாக முன்பக்கத் துளைகள் வழியே போகும் ஆர்த்ரோஸ்கோப்பில் உட்பக்கப் பின்கொம்பின் பின்னோரம் மறைந்திருக்கும். நாம் சொல்லாவிட்டால் அறுவை மருத்துவரும் அங்கே தேடாமல் போகலாம்.

இரண்டாவது வெளிச்சம் வெளிப்பக்கம். பின்கொம்பு வேரை நெருங்கும் இடத்தில், அதாவது மூட்டின் நடுப்பள்ளத்தை நோக்கி மேலேறும் பகுதியில், கொரோனல் பிடியில் சாம்பல் நிற மூட்டம். சஜிட்டலிலும் லேசாக இருக்கிறது. பரப்பைத் தொடுவது போலவும் தெரிகிறது. விதியை அப்படியே பிடித்துக்கொண்டால் இதையும் கிழிசல் என்று எழுதிவிடலாம்.

இங்கேதான் மேஜிக் ஆங்கிள் வருகிறது. ஒழுங்காக அடுக்கப்பட்ட கொலாஜன் இழைகள் முதன்மைக் காந்தப்புலத்துக்கு ஏறக்குறைய 55 டிகிரி சாய்வில் இருந்தால், அவற்றோடு பிணைந்த நீரின் சிக்னல் வழக்கம்போல் வேகமாக மங்குவதில்லை. குட்டை TEயில் அந்தச் சிக்னல் பிடிபட்டுவிடும், கருப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பலாகும். குழாய் வடிவ ஸ்கேனரில் காந்தப்புலம் உடம்பின் நீளவாட்டில் ஓடுகிறது. வெளிப்பக்கப் பின்கொம்பு வேரை நோக்கி மேலேறும் சாய்வு அந்தக் கோணத்துக்கு நெருக்கமாக அமைந்துவிடுகிறது. உட்பக்கத்தில் இந்தத் தொல்லை குறைவு. முட்டிச் சில்லின் நாணிலும் பாப்லிடியஸ் நாணிலும் இதே விளைவைப் பார்க்கலாம்.

எப்படிப் பிரிப்பது? மேஜிக் ஆங்கிளுக்குக் கூர்மையான விளிம்பு இருக்காது, மூட்டம் போலப் பரவியிருக்கும். அது நீரின் வெள்ளையை எட்டாது, சாம்பலோடு நின்றுவிடும். முக்கோணத்தின் வடிவம் கெடாது. நீண்ட TEயில் மறைந்துவிடும். நம் வீரரின் வெளிப்பக்கப் பின்கொம்பு நான்கிலும் தேறுகிறது: TE 80இல் அந்த இடம் பழையபடி கருப்பு, வடிவம் முழுசு.

ஆனால் டி2வில் மறைந்தது என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முன்பே சொன்னபடி, உண்மையான கிழிசலும் டி2வில் தெரியாமல் போகலாம். ஏசிஎல் அறுந்த முட்டியில் நாம் அதிகம் தவறவிடுவதும் இதே வெளிப்பக்கப் பின்கொம்பைத்தான். கோடாக, கூர்மையாக, இரண்டு தளங்களில் பரப்பைத் தொட்டால் டி2வில் மறைந்தாலும் அது கிழிசல்தான். மேஜிக் ஆங்கிள் என்பது மூட்டத்துக்குச் சொல்லும் விளக்கம், கோட்டுக்குச் சொல்லும் விளக்கம் அல்ல.

அதே இடத்தில் இன்னும் இரண்டு போலிகள் உண்டு. பின்கொம்பிலிருந்து கிளம்பி பிசிஎல்லுக்கு முன்னாலோ பின்னாலோ மேலேறி ஃபீமருக்குப் போகும் மெல்லிய லிகமென்ட் பலருக்கு இருக்கும். முன்னால் போவது ஹம்ஃப்ரி, பின்னால் போவது ரிஸ்பர்க். அது மெனிஸ்கஸோடு சேரும் இடத்தில் நடுவே கொழுப்போ நீரோ இருந்தால் கிழிசல் போல ஒரு சாய்ந்த கோடு தெரியும். ஒரு ஸ்லைஸைப் பார்த்து முடிவெடுக்காமல், அடுத்தடுத்த ஸ்லைஸில் அந்தக் கருப்புப் புள்ளியைத் தொடர்ந்து போங்கள். அது பிசிஎல்லை நோக்கி நகர்ந்து மேலேறினால் லிகமென்ட். லிகமென்ட் மெனிஸ்கஸோடு சேர்ந்து முடிந்த பிறகும் வெள்ளைக் கோடு வெளிப்பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தால் அது கிழிசலாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் வெளியே போனால் பாப்லிடியஸ் நாண் கடந்து செல்லும் இடைவெளி வரும், அங்கேயும் நீர் செங்குத்துக் கோடாகத் தெரியும். நாணை அடையாளம் கண்டுகொண்டால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மற்றொன்று, முட்டிக்குப் பின்னால் துடிக்கும் தமனி. அதன் அசைவு, ஃபேஸ் திசையில் மங்கலான பிம்பங்களாகப் படத்தில் விழும். சஜிட்டலில் அந்தத் திசை முன்பின்னாக இருந்தால் பிம்பங்கள் பின்கொம்பின் மேலும் ஏசிஎல் மேலும் நேராக விழும். மேல்கீழாக மாற்றினால் மூட்டை விட்டு விலகிப்போகும். சந்தேகப்படும் வெளிச்சம் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்து, முட்டிக்கு வெளியே காற்று இருக்கும் கருப்பிலும் தொடர்ந்தால் அது உடம்பில் உள்ளது இல்லை. டெக்னீஷியனிடம் சொல்லி அந்த ஒரு சீக்வென்ஸை மட்டும் திசை மாற்றி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். நோயாளி மேஜையில் இருக்கும்போதே பார்த்துவிட்டால் சில நிமிட வேலை.

முன்பு மெனிஸ்கஸில் தையல் போட்டவர் என்றால் மேலே சொன்ன விதிகள் பாதி செல்லாது. நன்றாக ஆறிய தையல் இடம்கூட பிடியில் பரப்பைத் தொடும் வெளிச்சமாக நெடுநாள் நிற்கும். அங்கே டி2வில் நீர் அளவுக்கு வெள்ளையாக இருந்தால்தான் புதிதாகக் கிழிந்தது என்று சொல்லத் துணியலாம், அல்லது துண்டு இடம் பெயர்ந்திருக்க வேண்டும். ஆகவே ஸ்கேனுக்கு முன் பழைய அறுவை உண்டா என்று கேட்டு, அந்தப் பதிலைப் படத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். நம் வீரருக்கு அப்படி எதுவும் இல்லை.

அவருடைய அறிக்கையில் மெனிஸ்கஸ் பகுதிக்கு மூன்று வரி போதும். உட்பக்கப் பின்கொம்பின் ஓரப் பகுதியில், உறை சேரும் இடத்துக்கு அருகில், இரு பரப்பையும் தொடும் செங்குத்துக் கிழிசல், மூன்று ஸ்லைஸில், துண்டு இடம் பெயரவில்லை. வெளிப்பக்கப் பின்கொம்பு வேரருகே குட்டை TEயில் மட்டும் தெரியும் மூட்டமான சிக்னல், வடிவம் சரியாக உள்ளது, மேஜிக் ஆங்கிளாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏசிஎல் அறுவையின்போது இந்த வேரை புரோப் வைத்துத் தொட்டுப் பார்த்துக்கொள்ளவும்.